பொருள் பேர்ல ரேக்கா, நம்பர் போட்ட ரேக்கா?

டூவீலர் ஸ்பேர்ஸ் கடை நம்மளது, பின்னாடி குடோன்ல ஆறு ரேக். மொதல்ல பொருள் பேர்லதான் எடம், "பிரேக் ஷூ ரேக்", "கேபிள் ரேக்"னு. பழகின பையன் கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டு வருவான், எக்செல் எல்லாம் தேவையே இல்ல, அது நெஜமாவே பெரிய சவுகரியம். ஆனா ஒதுக்குன எடம் நெறஞ்சா போச்சு. ஒரு தடவ பிரேக் ஷூ 40 பாக்ஸ் வந்துச்சு, ரேக்ல 25தான் புடிச்சுது, மிச்சம் 15ஐ படிக்கட்டுக்கு கீழ தள்ளிட்டு போயிட்டாங்க. ரேக் காலியானதும் "ஸ்டாக் இல்லண்ணே"ன்னான் பையன், நானும் மறுபடி ஆர்டர் போட்டேன். அந்த 15 ஆயுத பூஜைக்கு கூட்டும்போதுதான் வெளிய வந்துச்சு.

இன்னொரு தொல்லை, ஒரே மாதிரி சாமான் எல்லாம் பக்கத்து பக்கத்துல ஒக்காந்துக்கும். ரெண்டு மாடலோட கிளட்ச் கேபிள் பாக்க ஒண்ணுதான், அரை இஞ்ச் நீளம்தான் வித்தியாசம், அவசரத்துல கை மாறிடும்.

நம்பர் முறைன்னா எடத்துக்கு டோர் நம்பர் மாதிரி. B-03-2ன்னா B ரேக், மூணாவது கட்டம், கீழேர்ந்து ரெண்டாவது தட்டு. கீழேர்ந்து எண்ணுனாதான் நாளைக்கு மேல ஒரு தட்டு ஏத்துனா பழைய நம்பர் மாறாது. 3ன்னு போடாம 03ன்னு போடணும், இல்லன்னா எக்செல்ல வரிசைப்படுத்தும்போது 2க்கு முன்னாடியே 10 வந்து நிக்கும். ரேக்குக்கு I, O ரெண்டு எழுத்தும் வேணாம், 1, 0ன்னு படிச்சுடுவாங்க. எந்த தட்டு காலியோ அங்க வைக்கலாம், அதனால அந்த ரெண்டு கேபிளையும் வேற வேற ரேக்ல பிரிச்சு வச்சேன், கை மாறுறது கொறஞ்சிடுச்சு. ஆயில் சீல் மாதிரி ரப்பர் சாமான்ல புது லாட் தனி தட்டுக்கு போயிடும், பழசு பின்னாடி பொதையாது, பழைய தட்டு காலியானாதான் புதுசுல கை வைக்கணும்.

ஆனா எழுதாம விட்டா இது பேர் முறைய விட மோசம், தேட ஒரு துப்பும் இருக்காது. அதனால வச்ச ஆள் ரேக் முன்னாடி நின்னே பில்லுல நம்பர குறிக்கணும், டேபிளுக்கு வந்து எழுதிக்கலாம்னா மறந்துடும். அந்த நம்பர் எக்செல் ஷீட்ல ஏறினதும் சாயங்காலம் நான் அத பாப்பேன், ஸ்டாக் இருந்து லொகேஷன் காலியா இருக்கற வரிய மட்டும் ஃபில்டர் போட்டு எடுத்தா அன்னிக்கு எது தவறுச்சுன்னு தெரிஞ்சிடும்.

என் வோட்டு நம்பருக்குதான், ஆனா முழுசா இல்ல. தெனம் போற ஒரு முப்பது ஐட்டம் வாசல் பக்கம், இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல நிரந்தரமா ஒரே எடம், அதுக்கும் நம்பர் உண்டு. அதுல அடங்காத பாக்ஸ் எங்க காலியோ அங்க போகும், ஷீட்ல ரெண்டாவது லொகேஷன்னு தலைப்பு போட்டு ஒரு காலம். சைலன்சரும் மட்கார்டும் தட்டுல நிக்காது, செவத்துல ஆணி அடிச்சு தொங்க விட்டிருக்கோம், அந்த ஆணிக்கும் W-01, W-02ன்னு பெயிண்ட்ல எழுதியாச்சு.