காலாண்டுத் தேர்வுக்கு மைதானத்தைப் பூட்டலாமா?

தமிழகப் பள்ளிகளில் குறுவட்டத் தடகளம் பெரும்பாலும் காலாண்டுத் தேர்வுக்கு முன்னே முடிந்துவிடும். வருவாய் மாவட்டப் போட்டி பெரும்பாலும் தேர்வுக்குப் பிறகுதான். ஆண்டுத் திட்டம் போடும் பி.இ.டி. ஆசிரியருக்கு இடைப்பட்ட அந்த செப்டம்பர்தான் தலைவலி.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேர்வும் அதற்கு முந்தைய வாரமும் முழு ஓய்வு. விடுமுறையில் காலை மாலை பயிற்சி வைத்து ஈடுகட்டுவது. பெற்றோருக்கும் தலைமை ஆசிரியருக்கும் பிடித்த வழி இது. இன்னொன்று, வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் மட்டும் ஓடவைப்பது.

முழு ஓய்வில் எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. தாக்குப்பிடிக்கும் திறன் ஏறக்குறைய ஒரு மாதம் நிற்கும். உச்ச வேகமோ ஒரு வாரத்திலேயே மங்கத் தொடங்கும். அதனால் 3000 மீட்டர் ஓடுபவருக்குப் பெரிய நஷ்டமில்லை, 100, 400 ஓடுபவர்களுக்குத்தான் அடி. அதைவிட மோசம், விடுமுறையின் முதல் நாளே ஸ்பைக்ஸ் மாட்டி முழு வேகத்தில் ஓடுவது. தொடையின் பின்தசை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.

இரண்டாவது வழியில் குறைப்பது அளவை மட்டும்தான், வேகத்தை அல்ல. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, "பரீட்சை நேரம், சும்மா நாலு ரவுண்டு ஜாக்கிங் போ" என்கிறார்கள். 400 மீட்டரை 64 வினாடியில் ஓடும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். திங்கள்கிழமை நன்றாக வார்ம் அப் செய்துவிட்டு 30 மீட்டர் முழு வேகத்தில் நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று நிமிட ஓய்வு. வியாழனன்று போட்டி வேகத்திலேயே 150 மீட்டர் இரண்டு முறை, அதாவது தலா 24 வினாடி. நடுவே எட்டு நிமிடம் உட்காரலாம். அவ்வளவுதான். கணக்குத் தேர்வுக்கு முந்தைய நாளாக இருந்தால் மறுநாளுக்குத் தள்ளிவிடலாம்.

இதிலும் சிக்கல் உண்டு. இரவு ஒரு மணிவரை படித்த பிள்ளையை முழு வேகத்தில் விடக்கூடாது. அந்த 30 மீட்டர் நேரங்களின் சராசரியை ஆகஸ்ட் கணக்கோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்சில் 0.1 வினாடி முன்பின் வருவது சகஜம், 0.2 கூடினால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவதே மேல்.

செப்டம்பருக்கு எனக்கு இரண்டாவது வழிதான். மார்ச் பொதுத்தேர்வுக்கு மட்டும் முதல் வழியே சரி. அடுத்த பருவத்துக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கும்போது பத்தாம் வகுப்பு மாணவரை மைதானத்துக்கு இழுக்க வேண்டியதில்லை. ஆனால் ஜூனில் திரும்பி வந்ததும் முதல் மூன்று வாரம் ஸ்பைக்ஸைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.