வெயிலுக்கும் மழைக்கும் தனித்தனி வரிசையா, பொது வரிசையா? சிறு தயாரிப்பாளருக்கான ஓர் ஒப்பீடு

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் சருமப் பொருட்கள் தயாரித்து விற்க நினைக்கும் சிறு தொழில் செய்பவர்கள் வழக்கமாக இரண்டு திட்டங்களைக் கையில் வைத்திருப்பார்கள். ஒன்று, கோடைக்கு நான்கு பொருள், மழைக்கு நான்கு பொருள் என்று தனித்தனி வரிசை. இன்னொன்று, வருடம் முழுக்க ஓடும் ஒரு பொருள், அதோடு பருவத்துக்கு ஒன்று. நான் இரண்டாவது திட்டத்தின் பக்கம். சரக்கு தேங்கும் என்பது அதற்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம் சருமத்தில் இருக்கிறது.

கடலோரத்தில் கோடையும் ஈரம்தான், மழைக்காலமும் ஈரம்தான். மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில் வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் செருப்பு, சாக்ஸ், உள்ளாடை எதுவும் முழுதாகக் காய்வதில்லை. அதனால் மடிப்புகளில் ஈரம் தங்குவது இரண்டு பருவத்துக்கும் பொதுவான பிரச்சினை. கோடையில் கூடுதலாக வேர்க்குரு, மழையில் கூடுதலாகக் கால் ஊறுவது. இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு பொருள் இருந்தால் போதும். மதுரை, சேலம் போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட வெயிலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் வேர்க்குரு. வியர்வை வெளியே வரும் குழாயின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால் வருவது அது. ஆகவே எண்ணெய்ப்பசையுள்ள கிரீமும் ஆயின்ட்மென்ட்டும் இங்கே எதிரிகள். அடைப்பை இன்னும் இறுக்கிவிடும். போட்டி பவுடருக்கும் ஜெல்லுக்கும்தான்.

பவுடர் காய்ந்த தோலில் நன்றாக வேலை செய்யும். வியர்த்த உடம்பில் அப்படியே கொட்டினால் கழுத்து மடிப்பில் களிம்பாகித் திரண்டு, தோலை உரசும். குழந்தைகளின் கழுத்தில் வெள்ளைக் கோடாகப் படிந்திருப்பது அதுதான். குளித்து, துடைத்து, காற்றாட நின்ற பிறகு மெல்லப் பூச வேண்டும் என்பதை டப்பாவில் பெரிய எழுத்தில் போடுவது அவசியம். முகத்தருகே தட்டக் கூடாது என்பதையும். குழந்தை பவுடர்த் தூளை மூச்சில் இழுப்பது ஆபத்து.

ஜெல் ஈரத் தோலிலும் பரவும். நீர் ஆவியாகும்போது குளிர்ச்சி கிடைக்கும். வேர்க்குருவுக்கு என் ஓட்டு ஜெல்லுக்கு, ஆனால் அதைச் செய்யும் விதம் முக்கியம். பலரும் கார்போமர் என்ற கெட்டியாக்கும் பொருளில் ஜெல் கட்டி, அதில் கற்றாழைச் சாறு சேர்ப்பார்கள். கார்போமருக்கு உப்பு ஆகாது. கற்றாழைச் சாற்றிலேயே தாது உப்புகள் உண்டு. சேர்த்ததும் கெட்டியாக இருந்தது இளகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் ஜெல்லில் இரண்டு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டுக் கிளறிப் பாருங்கள், கண்முன்னே ஓடும். இன்னொரு கெட்டியாக்கும் பொருளான ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் உப்பை இதைவிட நன்றாகத் தாங்கும்.

கிளிசரினைக் குறைவாக வையுங்கள். கூடினால் புழுக்கத்தில் பிசுபிசுக்கும், வாங்கியவர் இரண்டாம் முறை வாங்க மாட்டார். தண்ணீர் உள்ள பொருள் என்பதால் பிரிசர்வேட்டிவ் இல்லாமல் விற்கவே கூடாது. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவின் உச்ச அளவு 1 சதவீதம்; 10 கிலோ ஜெல்லுக்கு 100 கிராமுக்கு மேல் போகக் கூடாது. வாசனை மாறுவது, மேலே நீர் பிரிவது, டப்பா உப்புவது எல்லாம் கெட்டுப்போனதன் அடையாளம். இவை எதுவும் தெரியாமலேயே கிருமி வளர்ந்திருக்கவும் கூடும், அதனால் ஆய்வகத்தில் கிருமிச் சோதனை செய்தாக வேண்டும். மென்தால் சேர்ப்பதானால் கைக்குழந்தைகளுக்குக் கூடாது என்று எழுதுங்கள்.

அப்புறம் மழை. இங்கே போட்டி கிரீமுக்கும் பவுடருக்கும். தேங்கிய தண்ணீரில் நடப்பவர், மீன் சந்தையில் நிற்பவர், வீட்டு வேலைக்குப் போய் நாள் முழுக்கப் பாத்திரம் துலக்குபவர் ஆகியோருக்கு ஊறிய தோல்தான் பிரச்சினை. டைமெத்திகோன் என்ற சிலிக்கோனோ பெட்ரோலியம் ஜெல்லியோ அடிப்படையான தடுப்பு கிரீமைத் தண்ணீரில் இறங்கும் முன், காய்ந்த பாதத்திலும் கையிலும் பூசினால் நீர் உள்ளே போவது குறையும். அதே கிரீமை ஏற்கெனவே ஊறிய விரலிடுக்கில் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாகிவிடும். வீடு திரும்பிக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்தபின் பவுடர்தான். ஆகவே மழையில் இரண்டில் ஒன்று ஜெயிக்கவில்லை. வெளியே போகும் முன் கிரீம், வந்தபின் பவுடர். இரண்டையும் ஒரே பையில் வைத்து, வேளையை மேலே அச்சிட்டு விற்பதே சரி.

அந்தப் பவுடர்தான் வருடம் முழுக்க ஓடும் பொருள். டால்க்கா மாவுச்சத்தா? டால்க் வழுக்கும், உரசலைக் குறைக்கும், கட்டி பிடிக்காது. ஆனால் சுரங்கத்திலிருந்து வருவதால் ஆஸ்பெஸ்டாஸ் கலக்கும் அபாயம் உண்டு. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் டால்க்கை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற பிரிவில் வைத்தது. மக்காச்சோள மாவுச்சத்து ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் நவம்பர் மாதக் காற்றில் டப்பாவின் துளைகளில் கட்டிபிடிக்கும். நான் மாவுச்சத்தையே எடுப்பேன், கட்டிபிடிப்பதைத் தடுக்கச் சிறிது சிலிக்கா சேர்த்து. திறந்த டப்பாவைக் குளியலறை அலமாரியில் இரண்டு வாரம் வைத்துத் தட்டிப் பாருங்கள். தூளாக விழவில்லை என்றால் கலவையை மாற்ற வேண்டும்.

இரண்டு பொருட்களை வேண்டாம் என்பேன். ஒன்று சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்சைடைக் கலந்துவிட்டு எஸ்பிஎஃப் எண் போட முடியாது. துகள் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் பாதுகாப்பு மாறும், அதைச் சோதித்துத்தான் அறிய முடியும். இன்னொன்று படர்தாமரை கிரீம். பூஞ்சைக்கொல்லியான குளோட்ரிமசோல் சேர்த்தால் அது மருந்து, மருந்து உரிமம் வேண்டும். எதையும் சேர்க்காமல் ‘படர்தாமரையைக் குணமாக்கும்’ என்று எழுதினாலும் மருந்துக்கான வாக்குறுதிதான். நம் ஊரில் ஸ்டீராய்டு கலந்த கிரீம்களால் அரிப்பு அடங்கி, பூஞ்சை மட்டும் மறைவாகப் பரவிய கதைகள் ஏராளம். விரலிடுக்கு வெள்ளையாக ஊறி நாறினாலோ, வட்டமாகத் தடித்து அரித்தாலோ மருத்துவரிடம் போகச் சொல்லும் ஒரு வரி உங்கள் பையில் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் சிவந்து வீங்கினால் அன்றே.

இப்போது கணக்கு. தொழிற்சாலை ஒரு பொருளுக்குக் குறைந்தது 300 டப்பா கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி வரிசையில் எட்டுப் பொருள், 2,400 டப்பா. மழை பொய்த்த வருடம் பாதிச் சரக்கு அடுத்த அக்டோபர் வரை கிடக்கும், காலாவதி தேதி ஓடிக்கொண்டே இருக்கும். என் திட்டத்தில் பவுடர் 600, ஜெல் 300, கிரீம் 300, மொத்தம் 1,200. மழை வராவிட்டாலும் தேங்குவது கிரீம் மட்டும்தான். பவுடர் ஏப்ரலில் போய்விடும்.

தயாரிக்கும் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி COS-8 உரிமம் வேண்டும். அடுத்தவர் ஆலையில் உங்கள் பெயரில் செய்தால் COS-9. அது கைக்கு வந்த பிறகே லேபிளை அச்சுக்குக் கொடுங்கள். ஜெல்லை ஜனவரியிலும் கிரீமை ஜூலையிலும் நிரப்பக் கொடுத்தால், சோதனை முடிவு வந்து கடைக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் கையில் இருக்கும்.