ஜெர்மன் மொழியில் நம் நிலையை எதைக் கொண்டு அளப்பது? மூன்று வழிகளின் ஒப்பீடு

செவிலியர் படிப்பை முடித்து ஜெர்மனியில் வேலை தேடும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பி2 என்னும் நிலை கேட்கப்படுகிறது. அதற்கு முந்திய பி1 தேர்வுக்குச் சென்னைக்குப் பணமும் நாளும் செலவழித்துப் போகுமுன், தாம் எங்கே நிற்கிறோம் என்று அவர்கள் அறிந்துகொள்ள மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரையிலான பொது மொழித்திறன் அளவுகோலின் தன்மதிப்பீட்டு அட்டவணை. கேட்டல், வாசித்தல், உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் ஆகிய ஐந்தையும் அது தனித்தனியே கேட்பது நல்லது. ஆயினும், ஆங்கிலத்தைச் சாயலாகக் கொண்ட சொற்கள் ஜெர்மனில் நிறைய இருப்பதால், நம்மவர்கள் வாசிப்பில் தமக்குத் தாமே ஒரு படி கூட்டிப் போட்டுக்கொள்வது இயல்பு. இரண்டாவது, இணையத்தில் கிடைக்கும் நிலையறி தேர்வு. விரைவில் முடிந்துவிடும், ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டாலும் நான்கில் ஒரு பங்கு சரியாகிவிடும் என்பதாலும், பேச்சைப் பெரும்பாலும் அது தொடுவதே இல்லை என்பதாலும், பயிற்சி நூலைத் தேர்ந்தெடுக்க அதை மட்டும் நம்புவது சரியல்ல.

மூன்றாவதான, பி1 தேர்வை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் இலவச மாதிரித் தேர்வுத்தாளையே நான் பரிந்துரைப்பேன். ஒரு பி1 தாளைக் கடிகாரம் வைத்து எழுதிய ஒருவருக்கு வாசித்தலில் 30க்கு 24ம் கேட்டலில் 14ம் கிடைத்தன என்று கொள்வோம். ஒவ்வொரு பகுதியிலும் 60 விழுக்காடு, அதாவது 18 விடைகள் சரியாக இருக்க வேண்டும் என்பதால் கேட்டல் தவறிவிட்டது. எங்கே தவறியது? கேட்டலின் நான்கு பிரிவுகளில் முதலும் நான்காவதும் இருமுறை ஒலிக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே முறை. அவருடைய 14இல் 11 இருமுறை ஒலித்தவற்றில் வந்தவை. ஒருமுறை ஒலித்த 12 வினாக்களில் மூன்றுதான் சரி. தாளோடு வரும் எழுத்துவடிவத்தை அவர் எடுத்துப் படித்தால் எல்லாம் விளங்குகிறது என்றால், குறை சொல்லில் இல்லை, காதின் வேகத்தில் இருக்கிறது. படித்தும் விளங்கவில்லையெனில் சொல்வளமே போதவில்லை.

இவருக்கு வாசிப்புக்கு பி1 பாடமும், கேட்டலுக்கு ஒரு படி இறங்கி ஏ2 ஒலிப்பாடமும் பொருந்தும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லவின் இலவசப் பாடத் தொடரான 'நிக்கோஸ் வெக்' ஏ1, ஏ2, பி1 என்று பிரிந்திருப்பதால் தேர்வு எளிது. வாசிப்புப் பாடத்துக்கு ஒரு சோதனை உண்டு: தோராயமாக நூறு சொல் கொண்ட பத்தியில் தெரியாதவை இரண்டு மூன்று என்றால் தனியே படிக்கலாம், ஐந்தைத் தாண்டினால் அகராதியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். (ஒரே நிலை எண்ணுக்காக நான்கு திறன்களுக்கும் ஒரே புத்தகத்தை வாங்கச் சொல்லும் பயிற்சி மையங்களின் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.)

மாதிரித் தாளுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒருமுறை எழுதிய தாளின் விடைகள் நினைவில் நிற்கும் என்பதால், இரண்டாம் முறை அதே தாளில் கிடைக்கும் மதிப்பெண்ணை முன்னேற்றமாகக் கொள்ள முடியாது. வேறொரு தாளைத்தான் எடுக்க வேண்டும். பேச்சுத் திறனை மட்டும் தாளால் தனியே அளக்க இயலாது. அதற்கு அட்டவணையின் உரையாடல் வரிகளை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, நாம் பேசுவதைக் கேட்டு அவரையே குறிக்கச் சொல்வது மேல்.