கீமோ முடிந்து முளைத்த முடிக்கு நிறம்: பாக்கெட் டையா, மருதாணி–அவுரியா, மேல்பூச்சா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் நரைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் இரண்டு பதில் உடனே வரும். ஒன்று மளிகைக் கடையில் தொங்கும் பாக்கெட் டை. இன்னொன்று ஆயுர்வேதக் கடையில் மைலாஞ்சி, நீலயமரி என்ற பெயரில் கிடைக்கும் மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும். கீமோ முடித்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு. காலையில் பூசி இரவில் கழுவிவிடுகிற மேல்பூச்சு அது. எது நல்லது என்பதற்கு முன்னால் எந்த மாதத்தில் எது என்று பார்க்க வேண்டும்.

கடைசி கீமோ முடிந்து சில வாரங்களில் பூனைமுடி போல முளைக்கத் தொடங்கும். பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். முதலில் வரும் முடி வெள்ளையாகவோ சாம்பலாகவோ சுருளாகவோ இருக்கலாம். நிறமிச் செல்கள் முடியின் வேரைவிடத் தாமதமாக வேலைக்குத் திரும்பினால் அப்படி ஆகும். பலருக்குப் பின்னால் வரும் முடி தானாகவே கறுத்துவிடுவதும் உண்டு. அதனால் முதல் சில மாதம் தெரியும் வெள்ளையை நிரந்தர நரை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பாக்கெட் டை, கிரீம் டை போன்ற நிரந்தரச் சாயங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது ஆறு மாதம். இதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முடி இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்போது டை முடியில் படும் அளவுக்குத் தலைத்தோலிலும் படும், தள்ளிப் பூச வழியில்லை. அந்தத் தோலோ சிகிச்சையால் வறண்டு, சீக்கிரம் சிவக்கும் நிலையில் இருக்கும். ஐந்தாறு சென்டிமீட்டர் ஆனதும் வேரிலிருந்து சற்றுத் தள்ளிப் பூச முடியும். தலையில் கதிர்வீச்சு எடுத்தவர்களும், தோலில் பருவோ தடிப்போ வரவைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களும் இந்த ஆறு மாதக் கணக்கை நம்பாமல் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

பாக்கெட் டையில் பயப்பட வேண்டிய பொருள் பி.பி.டி. எனப்படும் பாரா-பினைலீன்டையமின். கறுப்பைத் தருவதும் அதுதான், ஒவ்வாமையைக் கிளப்புவதும் அதுதான். ‘அமோனியா இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் நெடி குறையும், அவ்வளவே. அமோனியாவுக்குப் பதில் வேறு காரம் சேர்த்திருப்பார்கள், பி.பி.டி. அப்படியே இருக்கலாம். இருபது வருடம் இதே டையைப் போட்டவர்களுக்கும் ஒவ்வாமை புதிதாக வரக்கூடும். ஆகவே பூசுவதற்கு இரண்டு நாள் முன் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ நாணய அளவு தடவி, 48 மணி நேரம் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பூசிய பிறகு கண் இமை வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தலையைக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு கேள்வியும் கீமோ முடித்தவர்களுக்குத் தவறாமல் வரும்: டை போட்டால் நோய் திரும்புமா? சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, சொந்த உபயோகத்துக்குத் தலைச்சாயம் போடுவதைப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தவில்லை. அதற்கான ஆதாரம் போதாது என்பதே அதன் நிலை. நாள் முழுக்க சாயத்தோடு வேலை செய்யும் முடிதிருத்துநர்களைத்தான் அது கவலைக்குரிய பட்டியலில் வைத்திருக்கிறது.

மருதாணி–அவுரி இரண்டடுக்கு முறையைத்தான் நாங்கள் முதலில் பரிந்துரைப்போம். ஆனால் பொடி சுத்தமாக இருந்தால் மட்டும். ‘ஹெர்பல்’, ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கும் பல பாக்கெட்டுகளில் பி.பி.டி.யே கலந்திருக்கும். கண்டுபிடிப்பது எளிது. மருதாணி மட்டும் இருந்தால் வெள்ளை முடி செம்பட்டையாகத்தான் ஆகும், கறுக்காது. தனியாகவே பத்து இருபது நிமிடத்தில் கறுப்பாக்கும் பொடி மருதாணி இல்லை. நல்ல அவுரிப் பொடி பச்சை நிறத்தில், பச்சிலை வாடையோடு இருக்கும். நீரில் குழைத்துச் சற்று வைத்தால் மேலே நீலம் பூக்கும். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் மருதாணியைத் தொடவே கூடாது, ரத்த அணுக்கள் சிதைய வாய்ப்புண்டு.

ஆண்பிள்ளை வெட்டு நீளத்துக்கு 40 கிராம் மருதாணி போதும். வெதுவெதுப்பான நீரில் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து மூன்று நான்கு மணி நேரம் வையுங்கள். எலுமிச்சைச் சாறு வேண்டாம், மெல்லிய தோலை எரிக்கும். எண்ணெய் இல்லாத தலையில் பூசி, காய்ந்து இறுகாதபடி பிளாஸ்டிக் தொப்பி போட்டு ஒன்றரை மணி நேரம் விட வேண்டும். காய்ந்த மருதாணியைச் சுரண்டி எடுக்கும்போதுதான் புது முடி பிய்ந்து வருகிறது. எனவே தலையைக் குனிந்து, நீரில் ஊறவிட்டு அலசுங்கள். அன்றே, 40 கிராம் அவுரியை வெந்நீரில் இல்லாமல் இளஞ்சூட்டு நீரில் குழைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தாமதிக்காமல் பூசி, ஒரு மணி நேரம் விடுங்கள். குழைத்து வைத்து நேரமாகிவிட்டால் அவுரியின் வீரியம் போய்விடும், செம்பட்டையே மிஞ்சும். கழுவியவுடன் லேசாகப் பச்சை தட்டினால் பதற வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும், அதுவரை ஷாம்பு போடாதீர்கள். நாளாகியும் பச்சை போகவில்லை என்றால் மருதாணி அடுக்கு சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இலைப்பொடிக்கும் ஒவ்வாமை வரலாம், காதோரச் சோதனை இதற்கும் உண்டு. நீலிபிருங்காதி எண்ணெயில் நீலயமரி இருப்பதால் அது நரையைக் கறுப்பாக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சாயம் பிடிக்காது. போதாததற்கு, அந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அவுரியும் ஒட்டாது.

மேல்பூச்சில் வேர்ப்பவுடர், முடி மஸ்காரா, ஸ்பிரே என வகைகள் உண்டு. ஸ்பிரேயை மூக்கருகே அடிக்க வேண்டாம். பவுடர்தான் மென்மையானது, தூரிகையால் ஒற்றினால் போதும். குறை என்னவென்றால் வியர்வையில் கரைந்து முந்தானையில் ஒட்டும். பார்லரில் கிடைக்கும் அரை நிரந்தரச் சாயத்தில் பெராக்சைடு இருக்காது, சில வாரம் தலைக்குக் குளித்ததும் வெளுத்துவிடும். அதிலும் பி.பி.டி. உண்டா என்று பெட்டியைப் படித்துக் கேளுங்கள்.

ஒருவருக்கு ஜூன் தொடக்கத்தில் கடைசி கீமோ என்று வைத்துக்கொள்வோம். ஆவணிக் கடைசியில் உறவுக்காரர் கல்யாணம், தையில் தன் மகளுக்கே கல்யாணம். ஆவணியில் முடி இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், அன்றைக்குப் பவுடர் போதும். நவம்பரில் தலைத்தோலில் செதிலோ சிவப்போ இல்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மருதாணி–அவுரியை ஒரு முறை போட்டு நிறம் பார்க்கலாம். பிடித்திருந்தால் தையில் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு திரும்பப் போடலாம், நிறம் அடங்கி இயல்பாக இருக்கும். பிடிக்கவில்லை என்றால், ஏறக்குறைய எட்டு மாதம் ஆகிவிடுவதால், சோதனை செய்த கிரீம் டையை வேரைத் தொடாமல் பூசிக்கொள்ளலாம். ஆனால் நவம்பரில் போட்டது சுத்த மருதாணி என்று உறுதியில்லை என்றால், அந்த முடியின் மேல் டை போடுவதற்கு முன் உதிர்ந்த சில முடிகளில் டையைத் தடவிப் பாருங்கள். கலப்புப் பொடியில் உலோக உப்பு இருந்து, அது டையில் உள்ள பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறி முறிந்துபோகும்.

புருவத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டாம், பென்சில் மட்டும்.