அறுபதைத் தாண்டி ரெண்டாவது கல்யாணம்: வீட்டு சாமானா, போட்டோ ஆல்பமா, ட்ரிப்பா, பணமா?

பெரியம்மாவுக்கு 62, அவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டவருக்கு 67. ரெண்டு பேருமே துணையை இழந்து ரொம்ப வருஷம் தனியா இருந்தவங்க. பெரியம்மாவுக்கு ஒரே பையன், அவருக்கு ரெண்டு பொண்ணுங்க, மூணு பேரும் குடும்பமா செட்டில் ஆனவங்க, மூணு பேருமே கல்யாணத்துக்கு சரின்னு சொல்லிட்டாங்க. ஆனா சரின்னு சொல்றதும் மனசுல உறுத்தாம இருக்கறதும் வேற வேறதானே. கசின்ஸ் நாங்க ஆறு பேரு சேர்ந்து ஒரே கிஃப்ட்டா குடுத்துடலாம்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம், ஒரு மணி நேரத்துல நாலு கட்சி ஆயிடுச்சு.

முதல் கட்சி வீட்டு சாமான். டின்னர் செட், பெட்ஷீட், சுவர்க் கடிகாரம் இந்த மாதிரி. சின்ன வயசுல கல்யாணம் பண்றவங்களுக்கு இது சரியா வரும், ஏன்னா அவங்ககிட்ட ஒண்ணும் இருக்காது. இங்க ரெண்டு நிறைஞ்ச வீடு ஒரே வீடா ஆகுது, பெரியம்மா அந்த வாரம் பூரா போன்ல பேசினதே எதை யாருக்குக் குடுக்கறது, எதை எடுத்துட்டுப் போறதுங்கறதுதான், ரெண்டு மிக்ஸி, ரெண்டு அயர்ன் பாக்ஸ், அவர் வீட்லயும் அலமாரி முழுக்கப் பாத்திரம். இதுல நாம ஒரு டின்னர் செட் குடுத்தா அது எங்க போய் உக்காரும்? ஏற்கனவே இருக்கற செட்டு பரணுக்குப் போனாத்தான் இதுக்கு இடம். அந்தப் பழைய செட்டு அவரோட முதல் மனைவி பார்த்துப் பார்த்து வாங்கினது. அடுத்த மாசம் பொண்ணு அப்பாவைப் பார்க்க வரும்போது அம்மா தட்டு இல்ல, யாரோ கசின்ஸ் குடுத்த தட்டு இருக்கு. யாரும் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, ஆனா பார்த்தது பார்த்ததுதான்.

வீட்டு சாமானே கூடாதுன்னு நான் சொல்லல, எதையும் இடத்தை விட்டுத் துரத்தாத சாமானா இருக்கணும், அவ்வளவுதான். மடக்கு நாற்காலி நாலு குடுங்களேன், ரெண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைங்களும் ஒரே நாள்ல வந்தா உக்கார இடம் வேணும், அதுல யாரோட ஞாபகமும் ஒட்டிட்டு இல்ல. இல்லன்னா கட்டில் தலைமாட்டுல மாட்டற சின்ன ரீடிங் லைட், ஒருத்தர் படிக்கும்போது இன்னொருத்தர் தூங்கலாம். மெத்தை மட்டும் வேண்டாம், அது அவங்களே போய் வாங்கிக்க வேண்டிய விஷயம், அதுல நம்ம மூக்கை நுழைக்கக் கூடாது.

விலை உயர்ந்த பொருள்னா இன்னொரு சிக்கலும் இருக்கு, இதைக் கல்யாண நேரத்துல பேசினா அபசகுனம் மாதிரித் தெரியும்ங்கறதால யாரும் பேசறதில்ல. வீடு, பேங்க் பணம் பத்தி உயில்ல எழுதி வெச்சிருப்பாங்க, கல்யாணத்துல வந்த வெள்ளித் தட்டைப் பத்தி யாரும் எழுத மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் பொதுவாக் குடுத்தது பின்னாடி ஒருத்தர் போயிட்டா யாரு பிள்ளைங்களுக்குச் சேரும்? எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல ஒரே ஒரு பெரிய டிவிக்காக ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களும் பேச்சுவார்த்தையே நிறுத்திட்டாங்க. டிவி பெரிய விஷயமே இல்ல, உங்க பக்கம் எங்க பக்கம்னு அதுவரைக்கும் சொல்லாம வெச்சிருந்ததெல்லாம் அந்த டிவி மேல ஏறி வெளிய வந்துச்சு. அன்னைலேர்ந்து நான் ரெண்டு கேள்விதான் கேப்பேன், இது தீர்ந்து போற பொருளா, இல்லன்னா ரெண்டாப் பிரிக்க முடியுமா. ரெண்டும் இல்லன்னா யோசிக்கணும்.

பேர் பொறிச்ச ஐட்டம் குடுக்கறவங்க இன்னொண்ணையும் கவனிங்க. இந்த வயசுல கல்யாணம் பண்ற பெண்கள் நிறைய பேரு பேரையோ இனிஷியலையோ மாத்திக்கறதே இல்ல, பேங்க், சொத்துப் பத்திரம், பாஸ்போர்ட்னு எல்லாமே பழைய பேர்ல இருக்கும். நீங்க புது இனிஷியலோட கண்ணாடியில பொறிச்சுக் கொண்டு வந்தா, அவங்க எடுக்காத முடிவை நீங்க எடுத்துட்ட மாதிரி ஆயிடும்.

ரெண்டாவது கட்சி போட்டோ, அதுல நானும் ஒருத்தி. இதுதான் ஜெயிச்சுச்சு, ஆனா கொஞ்சம் அசந்திருந்தா இதுதான் எல்லாத்தையும் விட மோசமாவும் போயிருக்கும்.

முதல் ஐடியா பெரிய ஃபிரேம், ரெண்டு குடும்பத்தையும் ஒரே படத்துல சேர்த்து ஹால்ல மாட்டறது. வேண்டாம்னு விட்டுட்டோம். ஹால் சுவர்ல ஏற்கனவே ஒரு படம் இருக்கு, அது யாரு படம்னு சொல்ல வேண்டியதில்ல. அதுக்குப் பக்கத்துல இதை மாட்டறதா, அதை எடுத்துட்டு மாட்டறதாங்கற கேள்வியை நாம கிஃப்ட் பேப்பர் சுத்திக் குடுக்கறோம். அடுத்தது டிஜிட்டல் ஃபிரேம், தானா படம் மாறிட்டே இருக்கும்ல, அது. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுக்கு எதுக்கப்புறம் எது வரணும்னு ஒண்ணும் தெரியாது, ஷஃபிள்ல போட்டா அவரோட முதல் மனைவி ஆஸ்பத்திரி கட்டில்ல சிரிக்கற படத்துக்கு அடுத்த செகண்ட் மாலையோட பெரியம்மா வந்து நிப்பாங்க. ஆல்பம்னா யாரு பார்க்கணுமோ அவங்க திறப்பாங்க, வேண்டாத நாள்ல மூடி வெச்சுக்கலாம், எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம்ங்கறதும் நம்ம கையில இருக்கு.

படம் சேக்கறதுலதான் தப்பு பண்ணேன். என்கிட்ட இருந்த பெரியம்மா படம் எல்லாத்துலயும் பக்கத்துல பெரியப்பா இருந்தாரு. புது ஆல்பத்துல அவர் எதுக்குன்னு நானே அவரை கிராப் பண்ணி பெரியம்மாவை மட்டும் எடுத்தேன், பிரிவ்யூ பார்க்கும்போது பெரியம்மா தோள்ல ஒரு கை. ஆள் இல்ல, கை மட்டும், அந்தக் கையில பெரியப்பாவோட வாட்ச். பெரியம்மா பையன், எங்க அண்ணன், அதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, போனைத் திருப்பி என்கிட்டயே குடுத்தான். அவ்வளவுதான், அன்னைக்கே கிராப் பண்றதை நிறுத்திட்டேன்.

அப்புறம் பண்ணது இதுதான்: படத்தை நாங்க செலக்ட் பண்ணல, பிள்ளைங்க மூணு பேர்கிட்டயும் தனித்தனியாக் கேட்டோம், உங்க அம்மாவோ அப்பாவோ தனியா இருக்கற மாதிரி, இல்லன்னா உங்களோட இருக்கற மாதிரி உங்களுக்குப் பிடிச்ச படம் பத்து குடுங்க, யாரு இருக்கலாம் யாரு வேண்டாம்னு நீங்களே சொல்லுங்கன்னு. மூத்த பொண்ணு 11 அனுப்புச்சு, அதுல 9ல அவங்க அம்மா இருக்காங்க, கூடவே ஒரு மெசேஜ், எங்கம்மாவை வெட்டிடாதீங்கன்னு. பெரியம்மாகிட்டயே கேட்டுட்டோம், அவங்க இல்லாம எப்படிம்மா அந்தப் பொண்ணுங்க வளர்ந்த கதை வரும்னு கேட்டாங்க. ஆக ஆல்பத்தோட முன்பக்கம் ரெண்டு குடும்பமும் தனித்தனியா, யாரையும் வெட்டாம, நடுவுல ஒரு வெறும் பக்கம், அதுக்கப்புறம் இவங்க ரெண்டு பேரும் பழக ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எடுத்தது. கடைசி 14 பக்கம் காலி.

டெக்னிக்கலா ரெண்டு விஷயம் சொல்லிடறேன். பழைய சின்ன பிரிண்டை ஸ்கேன் பண்ணும்போது 600 டிபிஐ வைங்க, 4க்கு 6 இன்ச் படம் 2400க்கு 3600 பிக்சல் வரும், பிரிண்ட்டுக்கு 300 டிபிஐ போதும்ங்கறதால அதை 8க்கு 12 இன்ச் வரைக்கும் பெருசாக்கலாம். பழைய ஃபிரேம்ல படம் கண்ணாடியோட ஒட்டிட்டு இருந்தா பிச்சு எடுக்காதீங்க, முகமே கண்ணாடியோட போயிடும், கண்ணாடியோட சேர்த்தே ஸ்கேன் பண்ணுங்க, இல்ல ஜன்னல் பக்கம் வெச்சு வெளிச்சம் கண்ணாடியில அடிக்காத கோணத்துல போன்லயே எடுங்க. அப்புறம் முக்கியமா, ஒரு காப்பி அடிக்காதீங்க, குறைஞ்சது ரெண்டு அடிங்க, பின்னாடி யாருக்கு இதுங்கற கேள்வியே வராது. ஃபைல் மூணு பிள்ளைங்ககிட்டயும் இருக்கட்டும்.

மூணாவது ட்ரிப். என் கணக்குப்படி இது நல்ல ஆப்ஷன், தீர்ந்து போயிடும், பங்கு பிரிக்க ஒண்ணும் மிஞ்சாது. ஆனா சர்ப்ரைஸா மட்டும் புக் பண்ணாதீங்க. டிக்கெட்ல பேரு அவங்க ஐடியில இருக்கற மாதிரியே வரணும், இனிஷியல் கதைதான் மேல சொன்னேனே. டிராவல் இன்சூரன்ஸ் ஃபார்ம்ல ஏற்கனவே இருக்கற சுகர், இதய நோய் எல்லாம் கேப்பாங்க, அதை அவங்களுக்குத் தெரியாம நாம நிரப்பினா ஏதாவது விட்டுப்போகும், விட்டுப்போச்சுன்னா கிளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாகலாம். இடமும் கேட்டுத்தான் முடிவு பண்ணணும், எங்க குரூப்ல ஒருத்தன் சொன்ன இடம் அவர் முதல் மனைவியோட 25வது கல்யாண நாளுக்குப் போன இடம், அவர் பொண்ணுகிட்ட கேட்டதாலதான் தப்பிச்சோம். ஹோட்டல் புக் பண்ணும்போது புதுசாக் கல்யாணம் ஆனவங்கன்னு சொல்லாதீங்க, கட்டில்ல பூவால ஹார்ட் போட்டு வெச்சு அவங்களைக் கூச்சப்பட வைப்பாங்க. தேதி போடாத வவுச்சர்னா எக்ஸ்பைரியைப் பாருங்க, ஒரு வருஷமாவது இருக்கணும், இந்த வயசுல ஒரு கண் ஆபரேஷன் வந்தாலே ரெண்டு மாசம் தள்ளிப் போகும்.

பணம் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, எளிமை, யாருக்கும் வருத்தம் இல்ல. செக்கா எழுதறதா இருந்தா மட்டும் ரெண்டு பேர் பேரையும் சேர்த்து எழுதிடாதீங்க, நிறைய பேரு இந்த வயசுல கணக்கைத் தனித்தனியாவே வெச்சுக்கறாங்க, ஜாயின்ட் அக்கவுண்ட் இல்லன்னா அந்த செக்கைப் போட அலைய வேண்டி வரும். மறைஞ்சு போனவங்க பேர்ல நன்கொடை குடுக்கலாம்னும் ஒருத்தி சொன்னா. அது அவங்களாக் கேட்டா மட்டும்தான், நாமளாப் பண்ணினா கல்யாணத்தன்னைக்கு துக்கத்தை ரசீது போட்டுக் குடுத்த மாதிரி இருக்கும்.

ஆல்பத்தோட கார்டு எழுதறப்போ கடைசியா ஒரு இடத்துல நின்னுட்டோம். பெரியம்மாவுக்கு பெரியம்மானு எழுதியாச்சு, அவருக்கு? பெரியப்பானு எழுதக் கை வரல, அங்கிள்னா பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கு. கடைசில ரெண்டு பேரோட பேரை மட்டும் எழுதிட்டு, கீழே எங்க ஆறு பேரோட பேரு. குடுக்கும்போது அவரே சிரிச்சுக்கிட்டு கேட்டாரு, என்னைய என்னன்னு கூப்பிடப் போறீங்கன்னு. யாரும் பதில் சொல்லல. சாருன்னு கூப்பிடாம இருந்தா சரின்னுட்டு ஆல்பத்தைப் பிரிச்சு, நேரா பொண்ணுங்க படம் இருக்கற பக்கத்துக்குப் போயிட்டாரு.

டின்னர் செட் கட்சிக்காரன் மட்டும் யாரு சொல்லியும் கேக்காம தனியா ஒண்ணு வாங்கிட்டு வந்தான். அது இப்போ எங்க வீட்டு பீரோ மேல, பிரிக்காத பெட்டியா இருக்கு, பெரியம்மாவே வந்து வெச்சுட்டுப் போனாங்க.