மங்கலான நம்பர் பிளேட்: துலக்குவதா, வரைவதா?

இரவில் பதிவான சிசிடிவி காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நின்றிருக்கும் காரின் நம்பர் பிளேட்டில் ஒரு எழுத்து பத்துப் பிக்சல் உயரம்கூட இல்லை. மூன்றாவது இலக்கம் 3-ஆ, 8-ஆ? தெளிவாக்க மூன்று வழிகள் கைவசம் இருக்கின்றன.

முதலாவது லெவல்ஸ். இருட்டுப் படத்தில் 0 முதல் 60-க்குள் நெருங்கிக் கிடக்கும் பிக்சல் மதிப்புகளை 0 முதல் 255 வரை விரிக்கிறோம். படம் முழுக்க ஒரே கணக்கு, அதனால் இருந்ததுதான் தெரிகிறது. ஆனால் இரைச்சலும், அதாவது இருட்டில் கேமரா தானாகச் சேர்க்கும் தாறுமாறான புள்ளிகளும், சேர்ந்து வெளுக்கும். அதில் ஒரு புள்ளி இடம் மாறி விழுந்தால் 3 மூடிக்கொண்டு 8 ஆகிவிடும்.

இரண்டாவது, ஃப்ரேம் சராசரி. அடுத்தடுத்த 16 ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுப்பது. இரைச்சல் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும், பிளேட் மாறாது. அதனால் இரைச்சல் ஏறக்குறைய கால்பங்காகிறது. நான் முதலில் நாடுவது இதைத்தான். ஆனால் வீடியோவைச் சுருக்கியதால் வந்த கட்டங்கள் எல்லா ஃப்ரேமிலும் ஒரே இடத்தில் இருந்தால் இது உதவாது.

மூன்றாவது, ஏஐ கொண்டு பெரிதாக்குவது. விளிம்பு கூர்மையான 8 வந்து நிற்கும். அந்தக் கூர்மை இந்தக் காட்சியிலிருந்து வந்ததல்ல. வேறு படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருளின் ஊகம். என் பார்வையில் எல்லை இங்கேதான் தாண்டப்படுகிறது. மங்கலில் கண்ணுக்குத் தெரிந்த சந்தேகத்தையே அது அழித்துவிடுகிறது. 2024-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், புலோகா கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு இப்படி ஏஐ கொண்டு மெருகேற்றிக் கொடுத்த வீடியோவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க மறுத்தது.

சோதிக்க எளிய வழி உண்டு. தெளிவான ஒரு 3-ஐயும் ஒரு 8-ஐயும் எடுத்து, மூலக் காட்சியின் அளவுக்கும் மங்கலுக்கும் இறக்கிப் பாருங்கள். இரண்டும் ஒரே கறையாகத் தெரிந்தால், விடை அந்தப் பிக்சல்களில் இல்லவே இல்லை.

சரி, லெவல்ஸ் எப்போதும் பாதுகாப்பானதா? சாட்சியத்தில் பெரும்பாலும் ஆம், செய்தியில் அப்படிச் சொல்ல முடியாது. 1994-இல் கொலை வழக்கில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைப் போலீஸ் எடுத்த ஒரே படத்தை ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ ஆகிய இரண்டு அமெரிக்க இதழ்களும் அட்டையில் போட்டன. ‘டைம்’ முகத்தை இருட்டாக்கியிருந்தது. ஒரு கறுப்பினத்தவரைக் குற்றவாளியாகப் பார்க்கவைக்க அந்த இருட்டே போதும் என்று கண்டனம் எழுந்தது. புகைப்படத்தை வைத்துச் செய்த ஓவியம் என்ற குறிப்பு உள்ளே இருந்தது. கடையில் அட்டையை மட்டும் பார்த்தவருக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே திருத்தக் குறிப்பு படத்துக்குக் கீழேயே வர வேண்டும். ‘தெளிவாக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல் எதையும் சொல்வதில்லை. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, கோப்புக்குக் கைரேகை போன்ற அதன் ஹாஷ் மதிப்பைப் பதிந்து, நகலில் வேலை செய்து, செய்த ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் எழுத வேண்டும். நம் பிளேட்டுக்கு இப்படி:

“ஃப்ரேம் 212 முதல் 227 வரை சராசரி. லெவல்ஸ் 0–60, 0–255 ஆக விரிப்பு, படம் முழுக்க. நான்கு மடங்கு பெரிதாக்கம், ஏஐ இல்லை. மூலப்படம் அருகில். மூன்றாவது இலக்கம் 3 அல்லது 8. உறுதி செய்ய இயலவில்லை.”