சூத்திரமா, ஜோடி சேர்ப்பதா? வேலித்தூண் கணக்கில் எது கைகொடுக்கிறது

100 அடி நீளத்துக்கு வேலி போட வேண்டும். 10 அடிக்கு ஒரு கல்தூண். எத்தனை கல் வாங்குவது? வகுத்தால் 10 வருகிறது, ஊன்றிப் பார்த்தால் 11 தேவைப்படுகிறது. இந்தக் கணக்கைச் சொல்லித்தர இரண்டு வழிகள் உண்டு. 'இடைவெளியோடு ஒன்றைக் கூட்டு' என்று சூத்திரமாகச் சொல்வது ஒன்று. தூணையும் இடைவெளியையும் ஜோடி சேர்த்துப் பார்ப்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

வேலியின் இடது ஓரத்திலிருந்து நடந்து போங்கள். ஒவ்வொரு தூணுக்கும் அதன் வலப்பக்கத்து இடைவெளியை ஜோடியாகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பத்து ஜோடி முடிந்ததும் கடைசித் தூண் மட்டும் தனியாக நிற்கும். அதற்கு வலப்பக்கம் இடைவெளி இல்லை. கூட்டச் சொன்ன அந்த 'ஒன்று' இதுதான்.

சூத்திரத்தின் பலம் வேகம். இரண்டு முனையிலும் தூண் நிற்கும் நேர்கோடு என்று உறுதியாகத் தெரிந்தால் அதை விடச் சுருக்கமான வழி இல்லை, தேர்வில் நானும் அதைத்தான் போடுவேன். ஆனால் மனையைச் சுற்றி வேலி போடும்போது பாருங்கள். 40 அடிக்கு 60 அடி மனை, சுற்றளவு 200 அடி. ஒன்றைக் கூட்டினால் 21. பக்கம் பக்கமாக எண்ணினால் இன்னும் மோசம்: 5, 7, 5, 7 என்று 24 வரும், நாலு மூலைக் கல்லும் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கும். ஜோடி சேர்த்து நடந்தால் கடைசித் தூணின் இடைவெளி முதல் தூணிலேயே போய் முடிகிறது. தனியாக எதுவும் நிற்பதில்லை, 20 கல் போதும். அதே 100 அடி வேலியை இரண்டு சுவர்களுக்கு நடுவே, கம்பியைச் சுவரிலேயே கட்டிப் போட்டால் 9 கல்தான். ஆக சூத்திரக்காரர் கூட்டு, கழி, சும்மா விடு என்று மூன்றை மனப்பாடம் செய்ய வேண்டும். எப்போது எது என்று முடிவுசெய்ய முனைகளைத்தானே பார்க்க வேண்டும்? அதைப் பார்த்துவிட்டால் ஜோடி சேர்த்தாகிவிட்டது.

படிக்கட்டில் வேறொரு குழப்பம் வருகிறது: எதைத் தூண் என்பது, எதை இடைவெளி என்பது? தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். ஒவ்வொரு ரைசரும், அதாவது படியின் செங்குத்து உயரம், 6 அங்குலம் என்றால் 20 ரைசர். கால் வைக்கும் டிரெட் எத்தனை? ஏறிக்கொண்டே ஜோடி சேர்த்தால் ஒவ்வொரு ரைசரின் தலையிலும் ஒரு டிரெட் இருக்கும். இருபதாவது ரைசருக்கு மேலே மட்டும் மாடித் தளமே வந்துவிடுகிறது. ஆகவே 19 டிரெட். டிரெட் 10 அங்குலம் என்றால், திருப்பம் இல்லாத நேர்ப் படிக்கட்டுக்கு 190 அங்குலம் இடம் போதும். 20 என்று போட்டவர் வரைபடத்தில் 10 அங்குலம் வீணாக ஒதுக்கிவிடுவார்.

இந்தச் சறுக்கல் மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ், கோயிலின் பக்கவாட்டு நீளம் முகப்பைப் போல இருமடங்கு வேண்டும் என்று தூண்களை இருமடங்காக்கியவர்கள் தவறு செய்தார்கள் என்கிறார். முகப்பில் 6 தூண் என்றால் 5 இடைவெளி. பக்கத்தில் 12 தூண் வைத்தால் 11 இடைவெளியாகிவிடும். 10 இடைவெளிக்கு 11 தூண்தான் சரி. இருமடங்காக்க வேண்டியது இடைவெளியை.

கடிகாரத்திலும் அதே கதைதான். 6 மணி அடிக்க 30 விநாடி ஆகிறது, 12 மணி அடிக்க எவ்வளவு? 60 என்று வாய் சொல்லிவிடும். முதல் அடியிலிருந்து ஆறாவது அடிவரை 5 இடைவெளி, ஒவ்வொன்றும் 6 விநாடி. 12 அடிக்கு 11 இடைவெளி, 66 விநாடி. ஒரு நிபந்தனை: முதல் அடி தொடங்கும் நொடியிலிருந்து கடைசி அடி தொடங்கும் நொடிவரைதான் இந்தக் கணக்கு. அதற்கப்புறம் நீளும் ரீங்காரம் இதில் சேராது.

சரி, கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம். இருட்டில் படுத்திருக்கிறீர்கள், மணி அடிக்கிறது. மணி ஆறுதான் என்று உங்களுக்கு எப்போது உறுதியாகத் தெரியும்? ஆறாவது அடி விழுந்த உடனே அல்ல, ஏழாவதும் வரலாம். இன்னொரு 6 விநாடி அமைதியாகக் கழிய வேண்டும். இப்போது ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஓர் இடைவெளி இருக்கிறது. ஆறு ஜோடி, 36 விநாடி. அதே கடிகாரம், அதே ஆறு அடி. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒன்றைக் கழித்தால் விடை தப்பு.